கவிழ்ந்த சட்டியும் ஒரு பூச்சியமும்

பதுளையில் நான் இணைந்த கணிதம் படிப்பிக்கும் பாடசாலையில் எனக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘சட்டி சேர்’. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. கழிவறைச் சுவரில்தான் முதலில் படித்தேன். படித்தபோது கோபம் வரவில்லை, கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஒரு வாத்தியாருக்கு அவருடைய பாடத்தை வைத்தே பட்டப்பெயர் கிடைப்பது சின்ன விஷயமா? அந்த அளவுக்கு மண்டைக் கனம் பிடித்த ஆள் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வருவதற்கு அது உதவும்.

சட்டி என்பது இருபடிச் சார்பின் வரைபு, சட்டி போல வளைந்த கோடு. உயர்தர வகுப்பில் அடிக்கடி வரும் ஒரு கணக்கு உண்டு. ஒரு இருபடிக் கோவையில் x² க்கு முன்னால் குணகமாக k என்று ஒரு எழுத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு நேர்கோட்டையும் கொடுத்து, வரைபு முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழே கிடக்க வேண்டுமென்றால் k என்னென்ன பெறுமானம் எடுக்கலாம் என்று கேட்பார்கள். செய்வது சுலபம். வளைவின் கோவையிலிருந்து கோட்டின் கோவையைக் கழி. மிச்சம் எப்போதும் பூச்சியத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனை: x² இன் குணகம் மறையாக, அதாவது பூச்சியத்துக்குக் கீழே, இருக்க வேண்டும்; டெல்டா எனப்படும் b² − 4ac யும் மறையாக இருக்க வேண்டும். முதலாவது, சட்டியைக் கவிழ்க்கிறது. இரண்டாவது, கவிழ்ந்த சட்டியின் முதுகு கோட்டில் படாமல் பார்த்துக்கொள்கிறது.

“சட்டி கவிழணும், கோட்டுல படக்கூடாது!” என்று நான் வகுப்பில் கத்துவேன். நாற்பது பிள்ளைகளும் திருப்பிக் கத்துவார்கள். பக்கத்து வகுப்பில் தமிழ் இலக்கியம் நடத்துகிறவர் கதவைச் சாத்துவார். அரைவாசிப் பிள்ளைகள் டெல்டாவை மட்டும் பார்த்துவிட்டுச் சட்டியைக் கவிழ்க்க மறந்துவிடுவார்கள் என்பதால்தான் இந்தக் கூச்சல். வருடக்கணக்காகக் கத்தி அது என் வாய்க்குப் பழகிவிட்டது. வாய்க்குப் பழகியதைத் தலை சரிபார்ப்பதில்லை.

போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பின் முதலாம் தவணைக்கு கல்வி வலயம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள். தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வந்தது என்று பணிவாகச் சொல்கிறேன். உண்மையில் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வினாத்தாளோடு புள்ளியிடும் திட்டத்தையும் நானே எழுதினேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கைப் பசறை பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்துக் கண்டுபிடித்தேன்.

‘k ஒரு மெய்யெண். y = kx² + (2k + 3)x − 4 இன் வரைபு முழுவதும் y = 3x + 1 என்னும் கோட்டுக்குக் கீழே அமைவதற்கு k இன் பெறுமான வீச்சைக் காண்க.’

கழித்துப் பார்த்தால் 3x அழகாக வெட்டுப்பட்டுப் போகும். kx² + 2kx − 5 மிஞ்சும். டெல்டா 4k² + 20k. அதாவது 4k(k + 5). அது மறையாக இருக்க k ஆனது −5 க்கும் 0 க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் k தானாகவே மறை. இரண்டு நிபந்தனையும் கைகோத்துக்கொண்டு வந்துவிடும். −5 < k < 0. பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் மரக்கறிப் பையோடு நின்ற அம்மா ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

பரீட்சை முடிந்து விடைத்தாள்களைத் திருத்தினேன். எங்கள் பாடசாலையில் இன்னொரு வழக்கமும் உண்டு, அதுவும் நான் உண்டாக்கியதுதான். முதலாம் தவணையில் இணைந்த கணிதத்துக்கு முப்பத்தைந்துக்குக் குறைந்தால் பிள்ளை கலைப்பிரிவுக்கு மாற வேண்டும். பெற்றோர் வந்து கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். “இரண்டு வருஷத்தை வீணாக்கிறதவிட இப்பவே மாறுறது நல்லது” என்று பெற்றோர் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். யாருடைய இரண்டு வருடம், யாருக்கு நல்லது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வரும் பிள்ளை ஒன்று. அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறார். பொறியியல் படிக்க வேண்டும் என்று பாடசாலையில் சேர்ந்த அன்றே விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். மெதுவாக எழுதுகிற பிள்ளை. ஒவ்வொரு கணக்கிலும் பாதி வழியில் நின்று யோசித்துவிட்டு, நேரம் போதாமல் கடைசிப் பக்கங்களை வெறுமையாக விட்டுவிடுவாள். அன்றும் அப்படித்தான் விட்டிருந்தாள். அதனால் எழுதியதில் ஒவ்வொரு புள்ளியும் அவளுக்கு முக்கியம்.

என் செல்லக் கணக்கை அவள் செய்திருந்தாள். வழி எல்லாம் சரி. விடையில் −5 < k ≤ 0 என்று எழுதியிருந்தாள். பூச்சியத்தையும் சேர்த்திருந்தாள். பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு படம், அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சாய்ந்த கோடுகள். நான் அந்தப் படத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. என் கண் அதன் மேல் போய்வந்தது, அவ்வளவுதான். ≤ ஐச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். ‘சட்டி எங்கே? வகுப்பில் கவனி!’ என்று எழுதினேன். கடைசி விடைக்கு உரிய இரண்டு புள்ளியையும் வெட்டினேன். கூட்டினால் முப்பத்து மூன்று. பெயரைக் கலைப்பிரிவுப் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று மழை. தகரக் கூரையில் அடித்த சத்தத்தில் வகுப்பே கத்திக் கத்தித்தான் பேசியது. அந்தப் பிள்ளை எழுந்து நின்றாள்.

“சேர், இந்தக் கணக்குல பூச்சியம் ஏன் வராது?”

“ரெண்டு நிபந்தனை என்ன?” என்றேன்.

“சட்டி கவிழணும், கோட்டுல படக்கூடாது.”

“k பூச்சியம்னா சட்டி கவிழுமா?”

அவள் யோசித்தாள். அவளுக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைப் பார்த்துப் பேனாவால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

“சட்டியே இல்லன்னா, சேர்?” என்றாள்.

வகுப்பு சிரித்தது. அத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் எனக்குச் சபையைக் கண்டால் நாக்கு நீளும். “சட்டியே இல்லன்னா எதுல சமைக்கிறது? கலைப்பிரிவுக்குப் போனதும் மனையியல் டீச்சர்கிட்ட கேளு” என்றேன். மழைச் சத்தத்தையும் மீறி வகுப்பு சிரித்தது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், நான் எவ்வளவு சுவையாகப் பாடம் நடத்துகிறேன் என்று. அவள் உட்கார்ந்தாள். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் அவளுடைய அம்மா கையெழுத்து வைக்க வருவதாக இருந்தது.

அன்று காலை ஆசிரியர் அறையில் பட்டியலோடு அந்தத் தாள்களையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். கையெழுத்துக் கடிதத்தோடு விடைத்தாளையும் இணைக்க வேண்டும் என்பதால் அவளிடமிருந்து திரும்ப வாங்கியிருந்தேன். பக்கத்து மேசையில் பௌதிகவியல் ஆசிரியை. பதுளை பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். எதையும் சத்தமில்லாமல் சொல்லக்கூடியவர் என்பதால் எனக்கு அவரைக் கொஞ்சம் பயம். நான்காக மடித்திருந்த தாளை எடுத்து விரித்தார்.

“இந்தப் புள்ளையவா அனுப்புறீங்க? என்ட பாடத்துல நல்லாச் செய்யுதே.”

“அடிப்படை விளங்கல டீச்சர். பாருங்க, பூச்சியத்தப் போட்டிருக்கு.”

அவர் பார்த்தார். அவர் பென்சில் படத்தையும் பார்த்தார்.

“சேர், k பூச்சியம்னு போட்டா என்ன வரும்?”

“என்ன வரும், இருபடியே இல்லாமப் போயிடும்” என்று சொல்லி, சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போல ஒரு கடதாசியை எடுத்து எழுதினேன். k = 0. y = 3x − 4. கோடு y = 3x + 1. எழுதிவிட்டுத்தான் பார்த்தேன். இரண்டும் ஒரே சாய்வு. ஒன்று மற்றதற்குச் சரியாக ஐந்து அலகு கீழே. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, எவ்வளவு தூரம் போனாலும் கீழேதான். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது −5. அது பூச்சியத்துக்குக் கீழே என்று சொல்லச் சட்டியும் வேண்டாம், டெல்டாவும் வேண்டாம். அந்தப் பிள்ளை பென்சிலால் போட்டிருந்த படம் அதுவேதான்.

உடனே பிழையை ஒப்புக்கொண்டேன் என்று நீங்கள் நினைத்தால் என்னை இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை.

“ஆனா இருபடின்னா x² இன் குணகம் பூச்சியமாகக் கூடாதே” என்றேன்.

“கேள்வில இருபடின்னு எங்க ஈக்குது?”

வினாத்தாளை எடுத்தேன். இல்லை. ‘k ஒரு மெய்யெண்’ என்றுதான் இருந்தது. நானே எழுதியது. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே எழுதியது.

“பூச்சியம் மெய்யெண்தானே சேர்” என்றார் அவர், அதே சத்தமில்லாத குரலில். தாளை மடிக்காமல் என் மேசையில் வைத்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு நிபந்தனைச் சட்டம் பொய்யில்லை. குணகம் பூச்சியம் இல்லாதபோது அது நூறு வீதம் சரி. குணகத்தில் k இருக்கும்போது பூச்சியத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அது எனக்கு முன்பே தெரியும். பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே தெரியும். சட்டி, சட்டி என்று கத்திக் கத்தி அதை நானே மறந்துபோயிருந்தேன். என் புள்ளியிடும் திட்டத்தை வைத்து வலயம் முழுவதும் திருத்திவிட்டார்கள். வேறு யாரும் கேள்வி கேட்கவில்லை. வேறு யாருமே கேட்காத கேள்வியைக் கேட்ட பிள்ளையைத்தான் நான் மனையியல் டீச்சரிடம் போகச் சொல்லியிருந்தேன்.

அன்று நான் செய்த அடுத்த காரியத்தைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்து, முப்பத்து மூன்றை வெட்டி முப்பத்தைந்து என்று எழுதினேன். பக்கத்தில் ‘கூட்டல் பிழை’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். கூட்டலில் பிழை விடுவது வாத்தியார்களுக்குச் சகஜம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும், எனக்கு மானம் மிஞ்சும். இரண்டு நிபந்தனையும் ஒரே அடியில் சரி. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பாடசாலை அதிபரின் அறைக்குப் போனேன்.

அம்மா ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதைவிட நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து வேலைக்கு இறங்காமல், காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். பக்கத்தில் பிள்ளை. மேசையில் கடிதம். அதிபர் பேனாவை நீட்டியிருந்தார்.

“நில்லுங்க, நில்லுங்க” என்றேன். “தாள்ல ஒரு கூட்டல் பிழை. புள்ள பாஸ். முப்பத்தஞ்சு. கையெழுத்து வேணாம், அம்மா.”

அம்மா எழுந்து என்னைக் கும்பிட்டார். “ரொம்ப நன்றிங்க சேர். கொழுந்து பறிக்கையில கூட இதே நெனப்புதாங்க, எம்புள்ள தோத்துப்போச்சேன்னு. நீங்க நல்லா இருக்கணும்.”

அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன். ‘பரவாயில்லை’ என்று தலையாட்டக்கூடச் செய்தேன். அதிபர் கடிதத்தைக் கிழிக்கப் போனார்.

பிள்ளை தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பக்கம் பக்கமாகப் பார்த்தாள். அவளுக்கு நேரம் வேண்டும் அல்லவா? நாங்கள் மூன்று பேரும் அவள் பார்த்து முடிக்கும் வரை நின்றோம்.

“கூட்டல் சரிங்க சேர்” என்றாள். “நேத்து நான் ரெண்டு தடவ கூட்டிப் பாத்தேன். முப்பத்து மூனுதான் வருது.”

அம்மா அவளுடைய கையை இழுத்தார். “பேசாம இருடி.”

“இல்லம்மா. சேர், பூச்சியம் சரியா பிழையா? அத மட்டும் சொல்லுங்க. பிழைன்னா நான் கலைக்கே போறேன்.”

இருபது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் அந்த அறையில் சிவப்புப் பேனாவைத் திருகிக்கொண்டு நின்றேன். பொய் சொல்ல நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். ‘அது கொஞ்சம் சர்ச்சைக்குரிய விஷயம்’ என்ற வசனம் வாய்க்குள் தயாராக இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதிலை வைத்துத்தான் அவள் கணிதத்தில் இருப்பதா போவதா என்று முடிவெடுக்கப் போகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. புள்ளியை வைத்து அல்ல.

“சரி” என்றேன். “பூச்சியம் சரி. நீ எழுதினதுதான் சரி. என் திட்டந்தான் பிழை.”

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப மத்தப் பிள்ளைகள்?”

“அவங்க நான் சொல்லிக்குடுத்தத எழுதினாங்க சேர். அவங்க புள்ளிய வெட்ட எனக்கு முகமில்ல. இந்தப் பிள்ளைக்கு ரெண்டு புள்ளி குடுக்கணும், வலயத்துக்கும் அறிவிக்கணும்.”

அம்மாவுக்குக் கணக்கு விளங்கியிருக்காது, ஆனால் நடந்தது விளங்கியிருந்தது. இந்த முறை அவர் கும்பிடவில்லை.

“அப்ப நேத்து கிளாசுல எல்லாரும் சிரிச்சாங்களாமே, சேர்” என்றார் மெதுவாக. “வந்து சோறு திங்காம படுத்துக்கிட்டா. அந்தப் புள்ளைங்களுக்கும் இதச் சொல்லிடுறீங்களா?”

“சொல்றேங்க” என்றேன்.

அவர்கள் போன பிறகு தாளில் ‘கூட்டல் பிழை’ என்பதை வெட்டி ‘ஆசிரியரின் பிழை’ என்று எழுதினேன். வலயக் கணித ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் திருத்தத்தைப் போட்டேன். நான்கு முறை எழுதி அழித்து, கடைசியில் ‘ஒரு சிறு திருத்தம்’ என்று தொடங்கினேன். சிறு என்ற சொல்லை விட மனம் வரவில்லை. ஒருவர் கட்டைவிரல் போட்டார். இன்னொருவர் பிறந்தநாள் கேக் படம் போட்டார், அது வேறு யாருக்கோ.

மறுநாள் வகுப்பில் கணக்கை முதலிலிருந்து செய்தேன். பூச்சியத்தைத் தனியாக எடுத்து, இரண்டு சமாந்தரக் கோடுகளையும் கரும்பலகையில் பெரிதாக வரைந்து, −5 < k ≤ 0 என்று எழுதினேன். −5 ஏன் சேராது என்று பின்வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவன் கேட்டான். அங்கே மிஞ்சுவது −5(x + 1)², x = −1 இல் முதுகு கோட்டில் பட்டுவிடும், தொட்டால் கீழே என்று சொல்ல முடியாது என்று காட்டினேன். பிறகு சோக்கைக் கீழே வைத்தேன்.

“இத முந்தாநாள் ஒரு புள்ள சரியாக் கேட்டுச்சு. நான்தான் பிழையாச் சொன்னேன். கேலியும் பண்ணினேன். அது என்னோட பிழை. மன்னிச்சிரும்மா.”

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நாற்பது பேரும் கொப்பியைப் பார்த்தார்கள். அவள் விடையைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

இப்போது அவள் பதின்மூன்றாம் வகுப்பு. இணைந்த கணிதத்தில் அறுபதுக்கு மேல் எடுக்கிறாள். என் வகுப்புக்கு ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்று வரை என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் இடைவேளையில் பௌதிகவியல் ஆசிரியையிடம் போகிறாள். அவருக்குத் தெரியாததை அவர் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைக்கிறார். “அந்தப் புள்ள கேட்டிச்சு, சேர்.” நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சரிபார்த்து எழுதிக் கொடுக்கிறேன். அதை அவர் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கிறார். வகுப்பில் எங்களுக்கு இடையில் நான்கே நான்கு வாங்கு தூரம்.